பராகெய்மெனோஸ்: முடிந்தும் முடியாத வினை

வெள்ளவத்தையில் காலையில் "மருந்துக்கடை திறந்திட்டுதோ?" என்று கேட்டால், "ஓம், திறந்திருக்கு" என்று பதில் வரும். கதவைத் திறந்தது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் கேட்டவருக்கு வேண்டியது கதவு இப்போது இருக்கும் நிலைதான். கிரேக்கத்தில் இதற்கென்றே ஒரு வினைவடிவம் உண்டு. பழைய கிரேக்க இலக்கணக்காரர் அதைப் பராகெய்மெனோஸ் என்றார்கள், 'அருகில் கிடப்பது' என்று பொருள். செயல் நடந்துபோனாலும் அதன் விளைவு பக்கத்திலேயே கிடக்கிறது.

இதை 'முற்றுக்காலம்' என்று தமிழாக்கினால் வினைமுற்றோடு குழம்பும். அந்தப் பெயர் முடிந்ததை மட்டுமே சொல்லும், கிடப்பதைச் சொல்லாது. 'விளைவுநிலை' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

புதிய ஏற்பாட்டில் 1 கொரிந்தியர் 15:3-5ஐப் பாருங்கள். பவுல் கிறிஸ்துவைப் பற்றி நான்கு வினைகளை அடுக்குகிறார்: மரித்தார் (அபேதனென்), அடக்கம்பண்ணப்பட்டார் (எதாபே), எழுப்பப்பட்டார் (எகேகெர்தாய்), தரிசனமானார் (ஓப்தே). மூன்று வினைகள் நடந்ததை மட்டும் சொல்லும் சாதாரண இறந்தகாலம். எகேகெர்தாய் மட்டும் விளைவுநிலை: எழுப்பப்பட்டார், அந்த நிலையிலேயே இருக்கிறார்.

நம் கோயில்களில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அது "மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு... உயிர்த்தெழுந்து... தரிசனமானார்" என்று ஓடுகிறது. தமிழுக்கு அழகான ஓட்டம்தான். ஆனால் வினையெச்சம் தனித்து நிற்காது, முற்றைச் சார்ந்தே நிற்கும். நான்கும் கடைசி முற்றில் கரைந்து, தனித்து நின்ற வினை காணாமல் போகிறது. முதல் வேலை, அந்தச் சங்கிலியை அறுத்து எகேகெர்தாய்க்குத் தனி முற்றுக் கொடுப்பது.

என்ன முற்று? 'எழுந்திருக்கிறார்' உதவாது, படுக்கையிலிருந்து எழும்புகிறார் என்றாகிவிடும். 'எழுப்பப்பட்டிருக்கிறார்' இலக்கணப்படி சரி. ஆனால் ஈரமான வீதியைப் பார்த்து "மழை பெய்திருக்கு" என்கிறோமே, அந்த ஊகச் சாயல் 'இரு'வுக்கு உண்டு. பவுலோ சாட்சிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறார். ஊகம் அங்கே ஆகாது. "மூன்றாம் நாளில் எழுப்பப்பட்டு உயிரோடிருக்கிறார்" என்று நான் எழுதுவேன். 'உயிரோடு' என்பது மூலத்தில் இல்லாத சொல், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வினை சுமந்த பொருள்தான் அது.

'எழுதப்பட்டிருக்கிறது' என்று பொருள்படும் கெக்ரப்தாய் என்ற விளைவுநிலை வினைக்கு இந்தப் பாடு இல்லை. மத்தேயு 4:4இல் "எழுதியிருக்கிறதே" என்று அதே மொழிபெயர்ப்பு கச்சிதமாகப் பிடித்திருக்கிறது. எழுத்து கண்முன் இருப்பதால் 'இரு' ஊகமாக ஒலிக்கவில்லை.

அதற்காக இந்த வடிவத்தைக் கண்ட இடமெல்லாம் 'இரு' போடவும் கூடாது. வெளிப்படுத்தல் 5:7இல் ஆட்டுக்குட்டியானவர் புத்தகத்தை வாங்கும் வினை (எய்லேபென்) வடிவத்தில் விளைவுநிலைதான். ஆனால் கதை அங்கே வேகமாக நகர்கிறது. பிற்காலக் கிரேக்கத்தில் இந்த வடிவம் வெறும் இறந்தகாலமாகவும் ஓடும். "வந்து வாங்கியிருக்கிறார்" என்று எழுதினால் காட்சியே நின்றுவிடும். அங்கே "வாங்கினார்" போதும்.