கூர்னோ கணக்கில் q1 = q2 எப்போது போடுவது?

பொருளியல் விடைத்தாள் திருத்தும்போது ஆண்டுதோறும் தவறாமல் கண்ணில் படும் ஒரு பிழை உண்டு. இரண்டு விற்பனையாளர்கள் எவ்வளவு விற்பது என்பதில் போட்டியிடும் கூர்னோ கணக்கில் சமநிலை உற்பத்தி ஆளுக்கு 40 வர வேண்டிய இடத்தில் 30 என்று முடித்திருப்பார்கள். கூட்டல், கழித்தலில் எந்தத் தப்பும் இருக்காது.

1838-இல் பிரெஞ்சு அறிஞர் கூர்னோ எடுத்துக்கொண்ட உதாரணம் கனிம நீரூற்று. ஆளுக்கொரு ஊற்று வைத்திருக்கும் இரண்டு பேர், ஒரே மாதிரித் தண்ணீர், எடுக்கச் செலவில்லை. எவ்வளவு விற்பது என்பதை அவரவர் தனியாக முடிவு செய்கிறார்கள். சந்தைக்கு வரும் மொத்த அளவு விலையைத் தீர்மானிக்கிறது. முதலாமவர் விற்கும் அளவு q1, இரண்டாமவர் விற்கும் அளவு q2. நம் வசதிக்கு விலை P-ஐ இப்படி வைத்துக்கொள்வோம்:

```
P = 120 − q1 − q2
```

முதலாமவரின் லாபம் (120 − q1 − q2) × q1. இதை q1-ஐப் பொறுத்து வகையிட வேண்டும். அப்போது q2 அசையாத எண். அது அடுத்தவர் கையில் இருப்பது, இவரால் மாற்ற முடியாது. 120 − 2q1 − q2 = 0 என்று வரும். அதிலிருந்து கிடைப்பதுதான் எதிர்வினைச் சார்பு:

```
q1 = 60 − q2/2
q2 = 60 − q1/2
```

அடுத்தவர் 2 அலகு கூட்டினால் இவர் 1 அலகு குறைத்துக்கொள்வார் என்பதே இதன் பொருள். இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால் ஆளுக்கு 40, விலை 40, லாபம் 1600.

பிழை எங்கே நுழைகிறது? இருவரும் ஒரே மாதிரிதானே என்று வகையிடும் முன்பே q1 = q2 = q என்று போட்டுவிடுகிறார்கள். லாபம் (120 − 2q)q ஆகி, q = 30 வருகிறது. விலை 60, ஆளுக்கு லாபம் 1800. 1600-ஐ விட அதிகம்தான். ஆனால் இது இருவரும் கூடிப் பேசி வைத்துக்கொள்ளும் கார்டெல் அளவு; போட்டியின் விடை அல்ல.

சரிபார்க்க ஒரே வரி போதும். அடுத்தவர் 30 விற்கும்போது எனக்கு எது நல்லது? 60 − 15 = 45. விலை 45-க்கு இறங்கும், ஆனாலும் என் லாபம் 2025. அவருக்கு 1350தான். மீறினால் ஆதாயம் இருக்கும் இடம் எப்படிச் சமநிலையாகும்? 40-இல் இதே கேள்வியைக் கேட்டால் 60 − 20, மறுபடி 40தான் வரும்.

வகையிட்ட பிறகு q1 = q2 போடலாம், செலவு சமமாக இருந்தால் மட்டும். இரண்டாமவருக்கு அலகுக்கு 30 செலவு என்றால் அவருடைய சார்பு q2 = 45 − q1/2. தீர்த்தால் 50, 20, விலை 50. அந்தச் செலவு 75 என்று கேள்வித்தாளில் வந்தால் q2 = −10 வரும். அதையும் அப்படியே எழுதி அடிக்கோடு போட்டிருப்பார்கள்! மைனஸ் தண்ணீரை யார் விற்பது? அங்கே q2 = 0, முதலாமவர் தனியாளாக 60 விற்பார்.