கம்பாஞ்ஞா ஒலேயாரியா: பிரச்சாரம் இல்லைங்க, அரவைப் பருவம்

ஏற்காட்டுல சித்தி வீட்டுக்கு வந்து தங்கின சொந்தக்காரங்க இத்தாலியில வாங்கின ஒரு ஆலிவ் எண்ணெய் பாட்டிலை விட்டுட்டுப் போயிருந்தாங்க, இது 2025 பிப்ரவரில. சித்தி பின்பக்க லேபிளை போட்டோ புடிச்சு மொழிபெயர்க்கிற ஆப்ல போட்டுட்டு எனக்கு அனுப்பி, "கண்ணு, இதுல எண்ணெய்ப் பிரச்சாரம்னு வருது, பக்கத்துல ஏதோ ஒம்போது எண்ணு, போன் நம்பரா பாரு"ன்னு கேட்டாங்க.

அந்த நம்பர் 202212023. பாட்டில் வளைவா இருக்கு, மேல பளபளன்னு வெளிச்சம் வேற, அதனால நடுவுல இருந்த சாய்கோட்டை ஆப் ஒண்ணுன்னு படிச்சிருச்சு. பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி, ஜன்னலுக்குப் பக்கவாட்டுல வச்சு மூணு போட்டோ எடுக்கச் சொன்னேன், அப்புறம் தெளிவா 2022/2023ன்னு தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி இருந்த வார்த்தைதான் கம்பாஞ்ஞா ஒலேயாரியா.

கம்பாஞ்ஞாங்கிறது லத்தீன் காம்பஸ்ல இருந்து வருது, காம்பஸ்னா வயல், வெட்டவெளி. சேனை வெட்டவெளில இறங்கி சண்டை போடுற காலத்துக்கு அந்தப் பேரு போச்சு, அங்கிருந்து இங்கிலீஷ்ல கேம்பெய்ன் ஆகி தேர்தல் வரைக்கும் வந்துருச்சு, ஆப் புடிச்சது அந்தக் கடைசி அர்த்தத்தை. இத்தாலியில வேலை நடக்கிற பருவத்துக்கும் இதே சொல்தான். ஒலேயாரியான்னா எண்ணெய் சம்பந்தப்பட்டது.

இதுக்கு நாம புதுசா சொல் கட்டவே வேண்டாம். கரும்பு போட்டவங்க கிட்ட கேளுங்க, 2022-23 அரவைப் பருவம்னு சர்க்கரை ஆலைக்காரங்க சொல்றதுதான் இது. அதுவும் அக்டோபர்ல ஆரம்பிச்சு அடுத்த வருஷத்துக்குள்ள போறதால ரெண்டு வருஷம் சேர்த்து எழுதுறாங்க, ஆலிவும் அப்படியே. செக்குல ஆட்டுறதுன்னு சொல்லலாமேன்னு தோணும், ஆனா ஆலிவைக் கொட்டையோட அரைச்சு விழுதாக்கி அப்புறம்தான் எண்ணெயைப் பிரிக்கிறாங்க, அதனால அரவைங்கிற சொல் இன்னும் நல்லா பொருந்துது. எண்ணெய் அரவைப் பருவம் 2022-23, என் கணக்குல இதுதான் சரியான தமிழ்.

இதை இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. லேபிள்ல பெருசா 30/06/2025க்குள்ள பயன்படுத்தறது நல்லதுன்னு இருந்துச்சு, சித்தி அதைப் பார்த்துட்டு இன்னும் நாலு மாசம் இருக்கேன்னாங்க. அந்தத் தேதியை கம்பெனிதான் முடிவு பண்ணுது, பொதுவா பாட்டில்ல அடைச்ச நாள்ல இருந்து ஒன்றரை ரெண்டு வருஷம் தள்ளிப் போடுவாங்க, எண்ணெய் அதுக்கு முன்னாடி டேங்க்ல எத்தனை மாசம் கெடந்துச்சுன்னு அதுல தெரியாது. 2022 கடைசில பறிச்ச காய்னா சித்தி கையில இருந்தப்போ ரெண்டு வருஷம் தாண்டியாச்சு. ஆலிவ் எண்ணெய் வைன் மாதிரி வச்சு வச்சு ருசி ஏறுற சாமான் இல்ல, புதுசுதான் நல்லது. (L எழுத்துல ஆரம்பிக்கிற இன்னொரு எண் இருக்கும், அது லாட் நம்பர், அதை வருஷம்னு எடுத்துக்காதீங்க.)

முன்பக்கம் இருந்த "தெர்ரா தி பாரி"யை ஆப் பாரியின் நிலம்னு போட்டுருந்துச்சு, படிச்ச உடனே பறம்புமலை பாரிதான் எனக்கு ஞாபகம் வந்தாரு. பாரி தெற்கு இத்தாலில ஒரு ஊரு, இது அந்த வட்டாரத்து எண்ணெய்க்குப் பாதுகாக்கப்பட்ட பேரு. சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடு இருக்கே, அந்த மாதிரி, அதனால பேரை மொழிபெயர்க்கக் கூடாது, அப்படியே விடணும்.

எக்ஸ்ட்ரா வெர்ஜினே கூடுதல் கன்னி ஆயிருந்துச்சு. கன்னித்தமிழ்னு சொல்றோமே, அந்தக் கலப்படாத அர்த்தம் வரைக்கும் கன்னி சரிதான், ஆனா சமையக்கட்டுல யாருக்கும் புரியாது. கெமிக்கல் போடாம, ரீஃபைன் பண்ணாம மெஷின்ல பிரிச்சு மட்டும் எடுத்தது வெர்ஜின், அதுல அமிலம் நூத்துக்கு 0.8க்கு மேல போகாம, வாசனையில குறையும் இல்லாம இருந்தாதான் எக்ஸ்ட்ரா. நான் முதல்தர நேர்பிழி எண்ணெய்னு எழுதுவேன்.

சித்தி மூடியைத் திறந்து மோந்து பார்த்துட்டு, பழைய வேர்க்கடலை மாதிரி சிக்கு வாடை அடிக்குதுன்னாங்க. புதுசா இருந்தா பச்சை இலை வாசம் வரணும், தொண்டையில லேசா காரம் தெரியணும். லேபிள்ல எக்ஸ்ட்ரான்னு இருந்தது அடைச்சப்போ இருந்த தரம், இப்ப இருக்கிறது இல்ல. வாடை ரொம்பக் கெட்டோ அமிலம் ஏறியோ போன எண்ணெய்க்கு இத்தாலியில லம்பாந்தேன்னு பேரு, விளக்குல எரிக்கிறதுக்குன்னு அர்த்தம். சித்தி அதைக் கேட்டுட்டு சாமி விளக்குக்கு ஊத்திட்டாங்க.