முயல் நாயை விரட்டியது எந்த ஆண்டு?

பாளையக்காரர் பாடத்துக்கான விடைத்தாள் கட்டைத் திருத்தி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். கட்டபொம்மனைப் பற்றி ஒரு பத்தி கேட்டால், பாதிப் பிள்ளைகள் அவர் கலெக்டர் ஜாக்சனிடம் பேசியதாகச் சினிமா வசனத்தை வரி பிசகாமல் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேலே, பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு முயல் வேட்டைநாய்களைத் திருப்பி விரட்டியது, மண்ணின் வீரத்தைப் பார்த்து அங்கேயே கோட்டை கட்டினார்கள் என்று இருக்கிறது. சிலர் முயலுக்கு 1799 என்று ஆண்டும் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. ஆறாம் வகுப்பில் 'வரலாறு என்றால் என்ன' என்ற முதல் பாடத்திலேயே விழவேண்டிய அஸ்திவாரம் விழவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஆற்றாமையே ஒரு சூத்திரத்தின் மேல்தான். புராணம் என்றால் பொய், பழமரபுக் கதை என்றால் பாதிப் பொய், வரலாறு என்றால் உண்மை. டியூஷனில் இப்படித்தான் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதைக் கேட்ட பிள்ளை சாயங்காலம் வீட்டுக்குப் போய், "ஆச்சி, நெல்லையப்பர் கதை பொய்யாம்" என்கிறது. மறுநாள் காலையில் அப்பா பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார். அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அந்தச் சூத்திரம் சாமிக்கு மட்டும் இல்லை, வரலாற்றுக்கும் பொருந்தாது. ஆவணம் பொய் சொல்லும், கல்வெட்டில் ராஜா தன் பெருமையைக் கூட்டிச் சொல்லியிருப்பார், ஆச்சி சொன்ன கதைக்குள் நிஜமாக நடந்த ஒன்று ஒளிந்திருக்கும். உண்மையா பொய்யா என்பது முதல் கேள்வியே இல்லை. யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு அது எப்படித் தெரியும், வேறு யாராவது தனியாக அதையே சொல்கிறார்களா? வரலாறு இந்தக் கேள்விகளோடுதான் ஆரம்பிக்கிறது.

நெல்லையப்பர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். வேதசர்மர் நைவேத்தியத்துக்கு நெல்லைக் காயப்போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறார், மழை கொட்டுகிறது, ஓடிவந்து பார்த்தால் சுற்றிலும் மழை, நெல் மட்டும் நனையவில்லை, இறைவன் வேலியிட்டுக் காத்திருக்கிறார். இதில் செயல்படுபவர் கடவுள், ஆண்டு கிடையாது, ஊரும் வழிபாடும் எப்படி உண்டாயின என்று கதை சொல்கிறது. இதுதான் புராணம். அன்றைக்கு மழை பெய்ததா என்று வரலாற்று ஆசிரியர் கேட்கப் போவதில்லை, அது அவர் வேலையும் இல்லை. ஆனால் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த சம்பந்தர் தேவாரத்தில் 'திருநெல்வேலி' என்ற பெயர் வந்துவிட்டது, ஆகவே பெயர் அவ்வளவு பழையது என்று அவரால் சொல்ல முடியும். பக்தியும் பாடமும் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கும் இடம் இது. இதை வகுப்பில் அஞ்சு நிமிஷம் சொன்னால் போதும், எந்த அப்பாவும் வாசலுக்கு வரமாட்டார்.

முயல் கதை வேறு ரகம். இதில் கடவுள் இல்லை, மனிதர்கள்தான். நீங்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய ஊர் இருக்கிறது, பெயர் தெரிந்த வம்சம் இருக்கிறது. அதனால்தான் பிள்ளைகள் நம்பி ஆண்டு போடுகிறார்கள். ஆனால் இதே முயல், இதே வேட்டைநாய், விஜயநகரத்தை நிறுவிய கதையிலும் உண்டு, குஜராத்தில் அகமதாபாத் உருவான கதையிலும் உண்டு. ஊரையும் ராஜாவையும் மாற்றினாலும் சம்பவம் மாறாமல் நிற்கிறது என்றால், அது வாய்வழியாகப் பயணம் செய்த கதை. பழமரபுக் கதையை அடையாளம் காண இதைவிட நல்ல சோதனை ஆறாம் வகுப்புக்கு இல்லை. கட்டபொம்மனின் முன்னோர் தெலுங்கு பேசியவர்கள், விஜயநகர, நாயக்கர் ஆட்சிப் பின்னணியில் தெற்கே வந்தவர்கள் என்பதால், கதை எந்த வழியாக வந்திருக்கும் என்று யோசிக்கவும் இடம் இருக்கிறது.

சரி, எழுதி வைத்ததெல்லாம் வரலாறு, வாயால் சொன்னதெல்லாம் கதை என்று பிரித்துவிடலாமா? அங்கேதான் பெரியவர்களும் வழுக்குகிறார்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி 1801 பாஞ்சாலங்குறிச்சிப் போரில் இருந்தவர், அவருடைய நினைவுக் குறிப்புகள் 1830ல் அச்சாயின. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்த கோட்டையைத் திரும்ப எழுப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பார்த்து எதிரியான அவரே வியக்கிறார். கோட்டை விழுந்த பிறகு நடந்ததாக ஒரு காட்சியும் எழுதுகிறார். பிணங்களுக்கு நடுவே தன் மகனைத் தேடிவந்த ஒரு தாயிடம், குற்றுயிராகக் கிடந்த மகன், என்னை விடு, பக்கத்தில் கிடக்கும் நம் சாமியைக் காப்பாற்று என்கிறான். அவன் சாமி என்றது ஊமைத்துரையை. பெண்கள் அவரைத் தூக்கிப்போய் ஒளித்துவைக்கிறார்கள். கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்து, அம்மை கண்டு செத்துப்போன பையன் என்று சொல்ல, வந்தவர்கள் பயந்து ஓடிவிடுகிறார்கள்.

இது வரலாறா, கதையா? பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். வெல்ஷ் போரில் இருந்தார், அது பலம். ஆனால் தாயும் மகனும் பேசியபோது அவர் பக்கத்தில் இல்லை, யாரோ சொல்லித்தான் கேட்டிருக்க வேண்டும். புத்தகம் வந்ததோ ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து. அதே சமயம் எதிரியைப் புகழ்ந்து எழுதுவதில் அவருக்கு லாபம் எதுவும் இல்லை. ஊமைத்துரை அந்தப் போரில் தப்பினார், அப்புறம் சிவகங்கைப் பக்கம் போராடி, பிடிபட்டு, 1801 நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார் என்பதற்கு வேறு ஆவணங்களும் உண்டு. ஆகவே தப்பியதை வரலாறு என்று எழுதலாம். அந்தத் தாயின் காதில் விழுந்த வார்த்தைகளை 'வெல்ஷ் கேட்டு எழுதியபடி' என்று சொல்லித்தான் எழுதவேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டும் இருக்கிறது பாருங்கள்.

ஜாக்சன் சமாச்சாரமும் இப்படித்தான். 1798 செப்டம்பர் 10 அன்று ராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தது, கைகலப்பில் கிளார்க் என்ற அதிகாரி செத்தார், விசாரணைக்குப் பிறகு ஜாக்சன் பதவி இழந்தார். இதெல்லாம் கம்பெனி ஆவணங்களில் இருக்கிறது. பிள்ளைகள் எழுதும் வசனம் 1959ல் வந்த சினிமாவுக்காக எழுதியது. அதை ரசிக்கட்டும், மனப்பாடமாகப் பேசட்டும், விடைத்தாளில் மட்டும் வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. பாஞ்சாலங்குறிச்சிக்குச் சுற்றுலா கூட்டிப்போனால், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொல்லிவிடுங்கள்: கண்ணுக்கு முன்னால் நிற்கும் கோட்டை 1974ல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை, பழைய மண்கோட்டையைக் கம்பெனிக்காரன் 1801லேயே தரைமட்டமாக்கிவிட்டான். சொல்லாமல் விட்டால், "கோட்டையையே பார்த்தேன் சார், அப்ப முயலும் நிஜம்தானே" என்று பிள்ளை கேட்கும். இடம் இருக்கிறது என்பதாலேயே அங்கே நடந்ததாகச் சொல்வதெல்லாம் நிரூபணம் ஆகிவிடாது. டியூஷன் எடுப்பவர்களே, அந்த ஒருவரிச் சூத்திரத்தை தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆச்சி கதை சொன்னால் நிறுத்தாதீர்கள், அதெல்லாம் கட்டுக்கதை என்று குறுக்கே விழாதீர்கள். கதை முடிந்ததும், "ஆச்சி, இது உங்களுக்கு யார் சொன்னது? அவங்க பார்த்தாங்களா, கேட்டாங்களா?" என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். பதிலை ஆச்சியின் பெயரோடு நோட்டில் ரெண்டு வரி எழுதி என்னிடம் கொண்டுவரட்டும்.