முரானோவின் ரகசியம் சாம்பல் கழுவுவது

“முரானோ தீவை விட்டு ஓடிய கண்ணாடிக்காரர்களைக் கொல்ல வெனிஸ் ஆள் அனுப்புமாமே? அப்படி என்ன ரகசியம்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தொழிலாளி வெளிநாடு போய் வேலை பார்க்கத் தடை இருந்தது உண்மை. 1291-இல் உலைகளையெல்லாம் முரானோவுக்கு மாற்றியதற்குச் சொன்ன காரணம் தீ விபத்து. ஆட்களைக் கண்காணிக்கவும் அது வசதியாகப் போயிற்று. கொலைக் கதைகளில் வதந்தியே அதிகம். ரகசியமோ, பாதிக்கு மேல் சாம்பல் கழுவுவதில் இருந்தது!

ஜன்னல் கண்ணாடியின் வெட்டுவாயைப் பாருங்கள், பச்சையாகத் தெரியும். மணலிலுள்ள இரும்பு செய்கிற வேலை அது. மணலைத் தனியாக உருக்க 1,700 டிகிரி வேண்டும். சோடா சேர்த்தால் அந்தக் கால விறகு உலையே போதும். சிரியா, எகிப்துப் பக்கம் உப்பு மண்ணில் வளரும் செடிகளை எரித்த சாம்பல்தான் வெனிஸுக்குச் சோடா. ஆனால் சாம்பலிலும் இரும்பு உண்டு.

1450 வாக்கில் முரானோ கண்ணாடிக்காரர் ஆஞ்செலோ பரோவியேர் பெயரோடு ‘கிரிஸ்தாலோ’ என்ற நிறமற்ற தெளிந்த கண்ணாடி வந்தது. சாம்பலை இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, தெளியவைத்து வடிகட்டுவார்கள். சோடா நீரில் கரைந்து வந்துவிடும். இரும்பு வண்டலோடு தங்கிவிடும். தெளிந்த நீரை வற்றக் காய்ச்சினால் வெள்ளை உப்பு. டிச்சினோ ஆற்றின் வெள்ளைக் கூழாங்கற்களை இடித்து அதோடு உருக்குவார்கள். மிச்சமிருக்கும் பச்சைக்குத் துளி மாங்கனீஸ். அதன் ஊதா, பச்சையை அடித்துவிடும். கொஞ்சம் கூடினால் கிண்ணமே ஊதா பூத்துவிடும்.

எனக்குப் பிடித்த இடம் அந்த வண்டல்தான். இரும்போடு சுண்ணாம்பும் அதில் போய்விடுகிறது. கண்ணாடியில் சோடியத்தை வெளியேற விடாமல் தடுப்பது சுண்ணாம்பு. அது குறைந்தால் காற்றின் ஈரம் சோடியத்தை மெல்ல மெல்ல உறிஞ்சி எடுக்கும். முதலில் கிண்ணம் தொட்டால் வழுக்கும். பிறகு வியர்த்தாற்போல் துளி கட்டும். கடைசியில் மேற்பரப்பு சுருங்கி, மயிரிழை விரிசல்கள் வலையாகப் பரவும். வண்டலில் போனது போகக் கொஞ்சம் சுண்ணாம்பு எஞ்சிய கிண்ணங்கள் தப்பின. கழுவக் கழுவத் தெளிவு கூடியது, ஆயுள் குறைந்தது.

கைவினைஞர் சபையான கில்டுக்கு இது தெரிய வழியில்லை. செய்முறையைப் பூட்டி வைக்கலாம். ‘ஏன்’ என்று வெளியாள் யாரும் கேட்காத இடத்தில் பிழையும் சேர்ந்தே பூட்டப்படும் என்பது என் கட்சி. பூட்டும் நிலைக்கவில்லை. சாம்பலைச் சுத்தம் செய்யும் முறையை 1612-இல் அந்தோனியோ நேரி ஃபுளோரன்ஸில் அச்சிட்டே விட்டார். ஆனாலும் 1665-இல் பிரான்சின் அமைச்சர் கோல்பேர், நிலைக்கண்ணாடி செய்ய முரானோவிலிருந்து ஆட்களையே ரகசியமாக வரவழைத்தார். உருகிய குழம்பு எப்போது ஊதும் பதத்துக்கு வரும் என்பது கைக்குத்தானே தெரியும்! அவர்களில் ஓரிருவர் பாரிஸில் இறந்தபோது விஷம் வைத்தார்கள் என்று பேச்சு எழுந்தது, நிரூபணமானதில்லை.

நோய் கண்ட கிண்ணங்களை இன்று அருங்காட்சியகங்கள் சுமார் 40 சதவீத ஈரப்பதத்தில், தனிப் பெட்டிக்குள் வைத்திருக்கின்றன. ஈரம் கூடினால் கிண்ணம் அழும், குறைந்தால் வெடிக்கும்.