புள்ளி முந்தியதா, வெடிப்பு முந்தியதா? மாதுளைப் படத்தைப் படிக்கும் முறை

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர், நாசிக் பக்கம் மாதுளை விவசாயிகள் அதிகம் அஞ்சும் சொல் ‘தேல்யா’. மராத்தியில் ‘தேல்’ என்றால் எண்ணெய். சாந்தோமோனாஸ் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியா உண்டாக்கும் கருகல் நோய்க்கு அங்கே இதுதான் பெயர். எண்ணெய் தெறித்தது போன்ற கறும்புள்ளிகள் காயில் தோன்றும், பிறகு அந்தப் புள்ளிகள் வெடிக்கும். இன்னொரு பக்கம், எந்த நோயும் இல்லாமல் நீர்ப் பாய்ச்சலில் ஏற்படும் ஏற்ற இறக்கத்தாலேயே காய் வெடிப்பதும் உண்டு. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ‘கறுத்து வெடித்த காய்’ என்றே தெரியும். ஒன்றுக்குத் தாமிர மருந்து தேவை, மற்றதற்குச் சொட்டுநீர்க் குழாயைச் சரிபார்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் மருந்துச் செலவும் வீண், காயும் போய்விடும்.

பிரித்தறிய உதவும் கேள்வி ஒன்றுதான்: புள்ளி முதலில் வந்ததா, வெடிப்பு முதலில் வந்ததா? நெருக்கமாக எடுத்த நல்ல படத்தில் இதற்கான விடை பெரும்பாலும் பதிவாகியிருக்கும்.

எண்ணெய்த் தோற்றம் எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். இலையிலும் காய்த்தோலிலும் உயிரணுக்களுக்கு நடுவே நுண்ணிய காற்றிடைவெளிகள் உண்டு. உள்ளே வரும் ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதால்தான் ஆரோக்கியமான இலை வெளிறிய, ஒளி புகாத பச்சையாகத் தெரிகிறது. பாக்டீரியா இலைத்துளை வழியாகவோ காயம் வழியாகவோ நுழைந்து அந்த இடைவெளிகளில் பெருகும்போது, அங்கே காற்று போய் நீரும் பிசுபிசுப்பும் நிறைகின்றன. ஒளி சிதறாமல் ஊடுருவிப் போகிறது. காகிதத்தில் நல்லெண்ணெய் சிந்தினால் அந்த இடம் மட்டும் கருமையாகவும், வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போலவும் தெரியுமே, அதே காரணம்தான். ஆகவே நோயின் முதல் அடையாளத்தை இலையிலேயே பிடித்துவிடலாம். சந்தேகப்பட்ட இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்து, பின்னாலிருந்து ஒளி வரும்படி படமெடுங்கள். சில மில்லிமீட்டர் அகலப் புள்ளி ஒளி கசியும் சன்னலாகத் தெரிந்து, அதைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருந்தால், கருகல் நோய் என்ற சந்தேகம் வலுக்கிறது. நரம்புகள் தடுப்பதால் புள்ளி முழு வட்டமாக இராமல் கோணலாக இருப்பதும் வழக்கம். பனித்துளி ஒட்டியிருந்தாலும் இதே பளபளப்பு வரும் என்பதால், இலையைத் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

காயில் நடப்பது சற்று வேறு. புள்ளியில் உள்ள உயிரணுக்கள் செத்து உலர்ந்து கெட்டியாகின்றன. காயோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள தோல் நீள்கிறது, செத்த பகுதியால் நீள முடிவதில்லை. இழுவை தாங்காமல் புள்ளி தன் நடுவிலிருந்து கீறுகிறது. அந்தக் கீறல் நட்சத்திரம்போல, அல்லது ஆங்கில எழுத்துகளான எல், ஒய் வடிவத்தில் இருக்கும். தொடக்கத்தில் கீறல் புள்ளியின் எல்லையைத் தாண்டாது. புள்ளி சற்று மேடாக, கறும்பழுப்பாக இருக்கும். விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். உள்ளே முத்துகள் அந்த நேரத்தில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

நீர் மாறுதலால் வரும் வெடிப்பில் விசை உள்ளிருந்து வருகிறது. கோடையில் காய்ந்த தோல் நெகிழ்ச்சியை இழந்திருக்கும். திடீர் மழையோ ஒரேயடியாகப் பாய்ச்சிய நீரோ கிடைத்ததும் முத்துகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன, தோல் கிழிகிறது. போரான் பற்றாக்குறை இருந்தால் தோல் இன்னும் எளிதில் விட்டுவிடும். இந்த வெடிப்பு நீளமானது, ஆழமானது, பெரும்பாலும் மகுடப் பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலோ ஓடும். புதிதாக வெடித்த காயில் விளிம்பு கத்தியால் கீறியது போல இருக்கும். இருபுறமும் தோலின் சிவப்பு மாறாது, நடுவே வெளிர்மஞ்சள் சதையும் சிவந்த முத்தும் தெரியும்.

குழப்பம் தொடங்குவது இரண்டு மூன்று நாள் கழித்து. திறந்த வெடிப்பின் விளிம்பு காய்ந்து பழுப்பாகிறது, பூஞ்சை ஏறுகிறது, கறுப்பு பரவுகிறது. இப்போது எடுத்த படத்தைப் பார்த்தால் நோய்ப்புள்ளி வெடித்தது போலவே இருக்கும். இங்கேதான் வெடிப்பின் முனைகளைப் பார்க்க வேண்டும். நீரால் வந்த வெடிப்பின் கூர்முனை நல்ல தோலுக்குள் போய் முடியும், கறுப்பு அதன் உதட்டை ஒட்டி ஒரு கரைபோல மட்டும் நிற்கும். நோயில் வந்ததென்றால் கீறல் கறுப்புக்குள்ளேயே தொடங்கி முடியும். வெடிப்பிலிருந்து விலகி, சம்பந்தமே இல்லாத இடத்திலும் தனித்தனிப் புள்ளிகள் இருக்கும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். சோலாப்பூர்ப் பகுதி, பகவா ரகம், ஜூலை மாதம். சனவரி பிப்ரவரியில் பூத்த அம்பே பருவக் காய், அறுவடைக்கு அருகில் இருக்கிறது, முதல் மழையும் பெய்துவிட்டது. மகுடத்திலிருந்து 4 செ.மீ. நீள வெடிப்பு, முத்து தெரிகிறது. அதன் இடப்பக்கம் மூன்று கறும்புள்ளிகள். வெடிப்பு அதில் ஒன்றைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. இதைத் தேல்யா என்று மட்டும் சொன்னாலும் தவறு, நீர்வெடிப்பு என்று மட்டும் சொன்னாலும் தவறு. வெடிப்பின் கீழ்முனை சுத்தமான சிவப்புத் தோலில் முடிகிறது, ஆகவே அது நீர் அழுத்தத்தில் கிழிந்தது. வெடிப்பு தொடாத இரண்டு புள்ளிகளில் சிறு நட்சத்திரக் கீறல் உண்டு, ஆகவே அவை நோய். நோய் முன்பே இருந்தது, செத்த புள்ளி பலவீனமான இடமாக இருந்ததால் கிழிசல் அதன் வழியே ஓடியது. இந்தத் தோட்டத்தில் இரண்டு வேலையும் நடக்க வேண்டும். கீழே விழுந்த இலையையும் புள்ளிக்காயையும் பொறுக்கி எரிப்பது, கத்தரிக்கோலை மரத்துக்கு மரம் கிருமிநீக்கம் செய்வது ஒரு பக்கம். மண் ஈரம் காய்ந்து நனைவதாக இல்லாமல் சீராக இருக்கும்படி சொட்டுநீரை அளவாக விடுவது மறுபக்கம்.

படமெடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். அது மேட்டையும் பள்ளத்தையும் தட்டையாக்கும், பளபளப்பான தோலில் வெள்ளைத் திட்டு விழும், அந்தத் திட்டைப் பிறகு எண்ணெய்ப் பளபளப்பு என்று நினைத்துவிடுவோம். காலை ஒளி பக்கவாட்டில் படும்படி காயைத் திருப்புங்கள், அப்போது மேடான புள்ளிக்கு நிழல் விழும். கேமராவில் ஜூம் போடாமல், ஃபோகஸ் கிடைக்கும் அளவுக்கு அருகில் போங்கள். அளவுகோல் ஒன்றை ஒட்டி வையுங்கள். காய் முழுதும், புள்ளி மட்டும், அதே கிளையின் இலை, கணு என்று நான்கு படம் வேண்டும். கணுவில் கறுத்த தழும்பும் பிளவும் இருந்தால் நோய்க்கு அது வலுவான சாட்சி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுண்கீறல்கள் அழிந்துபோகும், ஆகவே டாக்குமென்டாக அனுப்புங்கள்.

பிற சாயல்களும் உண்டு. வெயில் நேரே படும் பக்கத்தில் மட்டும் பதனிட்ட தோல்போல் விறைத்த பெரிய பழுப்புத் திட்டு இருந்தால் அது வெயில்காயம். வட்டத் துளையும் அதன் வாயில் எச்சமும் இருந்தால் காய்த்துளைப்பான் புழு.

முழுக்கக் கறுத்து அழுகிய காயின் படத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது, அங்கே முந்தியது எதுவென்ற தடயமே மிஞ்சியிருக்காது. அதே மரத்தில் நோய் இப்போதுதான் தொடங்கிய காயைத் தேடி, காம்பில் நூல் கட்டி, 4 நாள் இடைவெளியில் அதே கோணத்தில் இரண்டு முறை எடுங்கள். கருகல் புள்ளி அகன்று மேடாகி நடுவில் கீறும், புதுப் புள்ளிகளும் சேரும். அதுவும் தெளிவு தராவிட்டால், இலைப்புள்ளியின் விளிம்பைச் சிறு துண்டாக வெட்டி நீர்த்துளியில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். பாக்டீரியா இருந்தால் வெட்டிய முனையிலிருந்து மங்கலான புகைபோல நீருக்குள் வழிந்தோடும்.