விளையாடியது ஒரு மணிநேரம், போனது 12 ஜிபி

உப்புவெளி வாசகர் ஒருவர் கேட்கிறார்: இரவு போன் ஹொட்ஸ்பொட்டில் பிஎஸ்5 கொன்சோலை இணைத்து ஒரு மணிநேரம் ஒன்லைனில் விளையாடினாராம். விடியும்போது 12 ஜிபியைக் காணோம். விளையாட்டு இவ்வளவு டேட்டா தின்னுமா?

தின்னாது. மைதானம், ஆட்கள், துப்பாக்கி, சத்தம் எல்லாம் ஏற்கெனவே கொன்சோலுக்குள் கிடக்கின்றன. ஆடும்போது காற்றில் போய் வருவது படமல்ல, சின்னச் சின்னச் செய்திகள். "இடது குச்சியை இந்தப் பக்கம் தள்ளினான், பொத்தானை அமுக்கினான்" என்று கொன்சோல் சொல்கிறது. "மற்றவர்கள் இப்போது இந்த இடத்தில் நிற்கிறார்கள்" என்று சர்வர் பதில் தருகிறது. படத்தை வரைவது முழுக்க உங்கள் வீட்டில்தான். தபாலில் சதுரங்கம் ஆடுபவர் பலகையை அனுப்புவதில்லையே, காய் நகர்வை மட்டும்தானே எழுதுவார்!

கணக்குப் போடுவோம். விநாடிக்கு 60 செய்திப் பொதிகள் போய் 60 வருகின்றன, போகும் ஒவ்வொன்றும் 130 பைட், வரும் ஒவ்வொன்றும் 300 பைட் என்று வைத்தால் விநாடிக்கு 25,800 பைட். ஒரு மணிநேரத்துக்கு ஏறக்குறைய 93 எம்பி. கேமுக்குக் கேம் கூடும், குறையும்; குரல் அரட்டை இன்னும் சில எம்பி சேர்க்கும். ஆனால் 50 ஜிபி கேம் ஒன்றை இறக்கும் டேட்டாவில் 500 மணிநேரத்துக்கு மேல் ஆடலாம்.

அப்படியானால் 12 ஜிபி? பெரும்பாலும் அப்டேட். கொன்சோலை ரெஸ்ட் மோடில் விட்டுப் படுத்தால் அது தூங்குவதில்லை. ஹொட்ஸ்பொட்டைப் பிடித்தபடி இறக்கிக்கொண்டே இருக்கும். Settings > Saved Data and Game/App Settings > Automatic Updates என்பதற்குள் Auto-Download-ஐ நிறுத்துங்கள். படுக்கும்போது ஹொட்ஸ்பொட்டையும் அணைத்துவிடுங்கள். டிஸ்க் வாங்கினால் டேட்டா மிச்சம் என்பதையும் நம்பிவிடாதீர்கள். அதற்கும் அப்டேட் வரும். பெட்டியில் அதன் அளவை ஒரு கம்பனியாவது பெரிதாக அச்சிடலாம்!

வேண்டிய கேமை நீங்களே இறக்குவதானால், பெக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் ஆரம்பியுங்கள். விநாடிக்கு 20 மெகாபிட் கிடைத்தாலும் 50 ஜிபிக்கு ஐந்தரை மணிநேரம் பிடிக்கும். போனை சார்ஜரில் போட்டு, சூடாகாத இடத்தில் வையுங்கள். வீடியோவுக்கும் சமூக வலைத்தளங்களுக்கும் மட்டுமான பெக்கேஜ் இதற்கு உதவாது, கேம் போக்குவரத்து அதில் சேராது.

டவுன்லோட் ஓடும்போது விளையாடவும் வேண்டாம். பெரிய கோப்பின் பொதிகள் வரிசையில் குவிய, உங்கள் சின்னச் செய்திகள் அவற்றின் பின்னால் காத்து நிற்கும். வேகம் குறையாமலே ஆட்டம் திக்கும். டவுன்லோட் இல்லாமலும் திக்கினால் ஹொட்ஸ்பொட்டை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள், 2.4-இல் கொன்ட்ரோலரின் புளூடூத்தும் நெரிசலில் நிற்கிறது.

சந்தேகம் தீர, ஆடுவதற்கு முன்னும் பின்னும் போனில் டேட்டா கணக்கைப் பாருங்கள். ஒரு மணிநேரத்துக்கு நூறு எம்பி அளவில் இருந்தால் சரி. ஜிபி கணக்கில் ஏறியிருந்தால், கொன்சோலின் Downloads பட்டியலைத் திறந்தால் ஆள் அகப்படும்.