கடனுறுதிச் சீட்டு: ஒப்புகையும் உறுதியும் பிரியும் இடம்

கடன் வாங்கியவர் தம் கைப்பட எழுதியோ கையொப்பமிட்டோ கொடுக்கும் சீட்டைப் பேச்சு வழக்கில் ‘புரோநோட்டு’ என்கிறோம். ‘பிராமிசரி நோட்’ என்ற ஆங்கிலத் தொடர் நாவில் தேய்ந்து இந்த வடிவம் பெற்றது. அத்தொடரின் முதற்சொல் வாக்குறுதியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தும், இரண்டாம் சொல் அடையாளம் அல்லது குறிப்பு என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்தும் வந்தவை. ஆகவே சொல்லின் நேர்ப்பொருள் ‘வாக்குறுதி தாங்கிய குறிப்பு’ என்பதே. கடன் என்ற சொல் அதற்குள் இல்லவே இல்லை. சட்டம் இந்தச் சீட்டில் முதலில் தேடுவது கடன்பட்ட செய்தியை அன்று, கொடுப்பேன் என்ற வாக்கையே என்பதால், இந்தப் பிறப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழில் இதற்குப் பல பெயர்கள் புழங்குகின்றன. ‘கடன் பத்திரம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அரசும் நிறுவனங்களும் பொதுமக்களிடம் பணம் திரட்ட வெளியிடும் பத்திரங்களுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ‘கடனீட்டுப் பத்திரம்’ என்பதும் நிறுவனங்கள் வெளியிடுவதையே சுட்டும். ‘கடன் ஒப்புகைச் சீட்டு’ என்பது அழகிய சொல்தான். ஒப்புகை, ஒப்பம், கையொப்பம் ஆகிய மூன்றும் ‘ஒப்பு’ என்ற ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்றை உண்மையென ஏற்று, அதற்கு அடையாளமாகக் கை வைப்பது வரை அந்த வேர் நீள்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆவணத்துக்கு உடன்பட்டவர்கள் ‘இவை என் எழுத்து’ என்று முடிப்பதும் இதே செயல்தான். ஆயினும் ஒப்புகை என்பது நடந்ததை ஏற்பது மட்டுமே. நடக்கப்போவதற்கு அது பொறுப்பேற்பதில்லை. தொகையும் நாளும் திருப்பித் தரும் வாக்கும் சேர்ந்த சீட்டுக்கு வணிகவியல் பாடநூல்கள் வழங்கும் ‘கடனுறுதிச் சீட்டு’ என்பதே பொருத்தமான பெயர் என்பது என் கருத்து. இரண்டு பெயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதக் கூடாது. ஏனெனில் சட்டத்தில் இவை இரண்டு வெவ்வேறு ஆவணங்கள்.

இந்தியாவில் இந்த வேறுபாட்டை வகுப்பது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். அதன் 4ஆம் பிரிவின்படி, ஒரு குறிப்பிட்ட நபருக்கோ, அவர் சொல்லும் நபருக்கோ, ஒரு திட்டமான பணத்தொகையை மட்டும், எந்த நிபந்தனையும் இன்றிச் செலுத்துவதாக எழுதிக் கையொப்பமிட்டுத் தரும் உறுதியே கடனுறுதிச் சீட்டு. இலக்கணத்தோடு நில்லாமல், அந்தப் பிரிவு சில எடுத்துக்காட்டுகளையும் தருகிறது. வாசித்துப் பார்த்தால் அவற்றில்தான் உண்மையான பாடம் இருக்கிறது. ‘உமக்கு நான் ஆயிரம் ரூபாய் கடன்பட்டிருக்கிறேன்’ என்று மட்டும் எழுதிய சீட்டு கடனுறுதிச் சீட்டு ஆகாது. ‘பெற்றுக்கொண்ட மதிப்புக்காக, கேட்கும்போது செலுத்தப்பட வேண்டிய ஆயிரம் ரூபாய் உமக்குக் கடன்பட்டிருப்பதை ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதியது கடனுறுதிச் சீட்டு ஆகும். இரண்டிலும் ஒப்புகை இருக்கிறது, தொகை இருக்கிறது, ஆள் இருக்கிறார். இரண்டாவதைக் கடனுறுதிச் சீட்டாக்குவது ‘கேட்கும்போது செலுத்தப்பட வேண்டிய’ என்ற மூன்று சொற்கள்தான். ‘உறுதி’ என்ற சொல்லே அங்கு வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். செலுத்தும் பொறுப்பு வாசகத்திலேயே வெளிப்படையாக நின்றால் போதும், மனத்தில் இருந்ததாக ஊகித்துக்கொள்ள வேண்டிய நிலை மட்டும் இருக்கக் கூடாது.

அதே பிரிவு விலக்கும் மற்ற வாசகங்களும் அன்றாடம் நாம் எழுதிவிடக் கூடியவையே. ‘ஐந்நூறு ரூபாயும், இனி உமக்குத் தர வேண்டியதாக வரும் பிற தொகைகளும் தருவேன்’ என்றால் தொகை திட்டமாக இல்லை. ‘நீர் எனக்குத் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு ஐந்நூறு தருவேன்’ என்றாலும் அப்படியே. ‘ஐந்நூறு ரூபாய் தந்து, என் கறுப்புக் குதிரையையும் ஒப்படைப்பேன்’ என்றால் பணம் மட்டும் என்ற வரம்பு மீறப்படுகிறது. ‘இன்னாரோடு எனக்குத் திருமணம் நடந்து ஏழு நாள் கழித்துத் தருவேன்’ என்றால் திருமணம் நடக்காமலே போகலாம். எனவே அது நிபந்தனை. இந்தக் கடைசி எடுத்துக்காட்டை ‘நிலம் விற்றதும் தருகிறேன்’, ‘வழக்கு முடிந்து பணம் வந்ததும் தருகிறேன்’ என்ற வாசகங்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும். எழுதுபவர் நல்லெண்ணத்தோடு எழுதுகிறார், வாங்குபவரும் நம்பி வாங்குகிறார், ஆனால் சீட்டின் வலிமை அந்த ஒரு வினையெச்சத்தில் போய்விடுகிறது.

வலிமை என்று இங்கு சொல்வது குறிப்பான ஒன்றை. கடனுறுதிச் சீட்டு என்று நிலைநாட்டப்பட்டுவிட்டால், பணம் உண்மையில் கைமாறியது என்றும், சீட்டில் உள்ள நாளிலேயே அது எழுதப்பட்டது என்றும் நீதிமன்றம் அனுமானித்துத் தொடங்கும். அல்ல என்று காட்டும் பொறுப்பு எழுதிக் கொடுத்தவருடையது. அதே சட்டத்தின் 118ஆம் பிரிவு தரும் இந்த அனுமானம் வெறும் ஒப்புகைச் சீட்டுக்குக் கிடைக்காது. ஒப்புகைச் சீட்டு வைத்திருப்பவரும் வழக்குத் தொடுக்கலாம், ஆனால் அவருடைய சீட்டு அடிப்படைக் கடனுக்கு ஒரு சான்று மட்டுமே. மற்றவற்றை அவர் தனியே மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். மறுபக்கம், உறுதி இருந்தால் முத்திரை வரியும் அதற்குரியதாக மாறுகிறது. 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம், செலுத்தும் வாக்கோ வட்டிப் பேச்சோ இல்லாத ஒப்புகையை ஒருவகையாகவும் கடனுறுதிச் சீட்டை வேறுவகையாகவும் வைக்கிறது. கையொப்பத்தின்போதோ அதற்கு முன்போ உரிய முத்திரை ஒட்டப்படாத கடனுறுதிச் சீட்டைப் பிறகு அபராதம் செலுத்திச் சரிசெய்து சான்றாக்க அச்சட்டத்தின் 35ஆம் பிரிவு இடம் தருவதில்லை. வேறு பல ஆவணங்களுக்கு உள்ள இந்த வழி இதற்கு அடைபட்டிருப்பது பலருக்கு நீதிமன்றத்தில்தான் தெரிய வருகிறது.

இனி நாள் பற்றி. ‘கேட்கும்போது தருகிறேன்’ என்ற சீட்டைக் கையில் வைத்திருப்பவர், தாம் கேட்ட நாளிலிருந்துதான் வழக்குத் தொடுப்பதற்கான கெடு ஓடும் என்று எண்ணுவது மிகப் பரவலான தவறு. வழக்குத் தொடுக்கும் உரிமையை ஒத்திவைக்கும் தனி எழுத்து எதுவும் இல்லாதபோது, 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி மூன்று ஆண்டுகள் சீட்டின் நாளிலிருந்தே ஓடத் தொடங்குகின்றன. கேட்காமல் பொறுமையாக இருந்தவருக்கும் அதே கணக்குத்தான்.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 2022 மார்ச் 10 அன்று ஐம்பதாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு, கேட்கும்போது தருவதாகச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். வழக்குக்கான கெடு 2025 மார்ச் 10 வரை. கடன் கொடுத்தவர் 2025 பிப்ரவரி 5 அன்று நினைவூட்ட, வாங்கியவர் அன்றே இப்படி எழுதிக் கையொப்பமிடுகிறார்: ‘தங்களிடம் வாங்கிய ஐம்பதாயிரம் பாக்கி நிற்கிறது, இப்போது என்னால் தர இயலாது.’ பார்வைக்கு இது மறுப்பு. ஆனால் காலவரம்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி இது முழுமையான ஒப்புகை. தர மறுக்கும் சொல் உடன் இருப்பதால் ஒப்புகை கெடுவதில்லை என்று அந்தப் பிரிவின் விளக்கமே கூறுகிறது. ஆகவே அன்று முதல் புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்கி, கெடு 2028 பிப்ரவரி 5க்கு நகர்கிறது.

அதே கடிதத்தை, ஓர் எழுத்தும் மாற்றாமல், அவர் 2025 ஏப்ரல் 20 அன்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? கெடு முடிந்த பிறகு எழுதும் வெறும் ஒப்புகை அந்தக் கெடுவை உயிர்ப்பிக்காது. கடன் இருக்கிறது என்று வாங்கியவரே எழுதித் தந்தும், அந்தத் தாளைக் கொண்டு வழக்கில் வெல்ல இயலாது. ஆனால் அந்த ஏப்ரல் கடிதத்தில் ‘அந்த ஐம்பதாயிரத்தைத் தங்களுக்குத் திருப்பித் தருகிறேன்’ என்ற வாக்கு இருந்திருந்தால் கதை வேறு. கெடு கடந்த கடனைச் செலுத்துவதாக எழுத்தில் கையொப்பமிட்டுத் தரும் வாக்கு, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்கீழ் செல்லத்தக்க புது ஒப்பந்தம். கெடுவுக்குள் ‘பாக்கி நிற்கிறது’ போதும். கெடுவுக்குப் பின் ‘தருகிறேன்’ வேண்டும். ஒப்புகை, உறுதி என்ற இரு சொற்களைத் தமிழில் பிரித்தே வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அதனால் சீட்டில் நாள் எழுதாமல் விடுவது இருவருக்கும் கேடு. ஒப்புகையில் நாள் இல்லையென்றால் அது எப்போது கையொப்பமானது என்பதை வாய்மொழிச் சாட்சியத்தால் காட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதில் என்ன எழுதியிருந்தது என்பதை வாய்மொழியாகச் சொல்ல இடம் இல்லை. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே நிற்கும். தொகையை எழுதாமல் முத்திரை மேல் கையொப்பம் மட்டும் இட்டுத் தருவது பெரும் ஆபத்து. அந்த முத்திரைக்கு அடங்கும் எந்தத் தொகைக்கும் சீட்டை நிறைவு செய்துகொள்ள வைத்திருப்பவருக்கு அதிகாரம் தந்ததாகவே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆம் பிரிவு முதற்பார்வையில் கொள்கிறது. ஆனால் நிறைவாக எழுதித் தந்த சீட்டில் தொகையையோ நாளையோ பிறகு எழுதியவர் சம்மதமின்றித் திருத்தினால், திருத்தியவரின் கையிலேயே சீட்டு செல்லாததாகிவிடும்.

பெறுநர் பெயரிலும் ஓர் எல்லை உண்டு. ‘இதைக் கொண்டுவருபவருக்குத் தருகிறேன்’ என்று தனியார் எவரும் கடனுறுதிச் சீட்டு எழுதக் கூடாது. 1934ஆம் ஆண்டின் இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டம் அதைத் தடை செய்கிறது, ஏனெனில் அத்தகைய சீட்டு நாணயத்தாளைப் போலவே கைமாறிவிடும். ‘இன்னாருக்கோ அவர் உத்தரவு பெற்றவருக்கோ’ என்று பெயர் குறித்து எழுதுவதே வழி.

தவணையாகப் பணம் திரும்பும்போது சீட்டின் பின்புறம் வரவு எழுதும் பழக்கம் இருக்கிறது. அந்த வரவு கெடுவை நீட்ட வேண்டுமானால், பணம் கெடுவுக்குள் செலுத்தப்பட்டிருக்க வேண்டும், அதைக் குறிக்கும் எழுத்தும் செலுத்தியவர் கையெழுத்தில் இருக்க வேண்டும் அல்லது அவர் கையொப்பத்தைத் தாங்கியிருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் தம் கையால் எழுதி வைத்த வரவு, பணம் வந்தது உண்மையே ஆனாலும், கெடுவை ஒரு நாளும் நீட்டாது. அவ்வரவுக்குக் கீழே கடன் வாங்கியவர் நாளிட்டு ஒப்பமிட்டிருந்தால் மட்டுமே பணம் செலுத்திய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாக எண்ணப்படும்.